‘சம்மதம்’ என்று தட்டியாச்சு, பட்டுப்புடவை போனது போனதுதானா?

கேள்வி: வணக்கம் மேடம். மூன்று மாதத்துக்கு முன் ஒரு சலவை ஆப் மூலமாக என் காஞ்சிபுரம் பட்டுப்புடவையை டிரை கிளீனிங் போட்டேன். பையன் வீட்டுக்கே வந்து எடுத்துப் போனான். கட்டணம் 380 ரூபாய். பத்து நாள் கழித்து, ‘உங்கள் ஆடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று மெசேஜ் வந்தது. புடவை போன வருஷம் மகள் கல்யாணத்துக்கு எடுத்தது, 42,000 ரூபாய், பில் இருக்கிறது. அவர்கள் ஆப் வாலட்டில் 2,000 ரூபாய் போட்டுவிட்டு, ‘சலவைக் கட்டணத்தின் பத்து மடங்கு அல்லது 2,000 ரூபாய், எது குறைவோ அதுதான் எங்கள் பொறுப்பு, நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்’ என்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டும், வழக்கு என்றால் பெங்களூரில் மத்தியஸ்தர் முன்னால்தான் என்றும் விதிமுறையில் இருக்கிறதாம். நான் I Agree தட்டியது உண்மை, படிக்கவில்லை என்பதும் உண்மை. கிளிக் செய்தால் கையெழுத்துப் போட்ட மாதிரிதான், விட்டுவிடுங்கள் அத்தை என்கிறார் மருமகன். விடத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வணக்கம் அம்மா. சட்டம் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த வாலட் பணத்தைத் தொடாதீர்கள். அடுத்த சலவைக்கோ வேறெதற்கோ அதிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். ‘இழப்பீட்டை ஏற்கிறேன்’ என்று ஏதாவது பட்டன் வந்திருந்தால் அதையும் தட்டாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, தனக்கு வரவேண்டியதற்குப் பதிலாக ஒருவர் குறைவான ஒன்றை மனமொப்பி வாங்கிக்கொண்டால், மீதியைப் பிறகு கேட்க முடியாது. நீங்கள் முதலில் தட்டிய I Agree-யை விட, இந்த இரண்டாவது தட்டல் உங்களுக்குப் பெரிய ஆபத்து. இன்றே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: ‘2,000 ரூபாயை நான் கேட்கவில்லை. முழுத் தீர்வாக நான் அதை ஏற்கவும் இல்லை. நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.’ இந்த மூன்று வரி போதும். இதைப் பற்றி வாடிக்கையாளர் சேவையோடு போனில் பேச வேண்டாம், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

உங்கள் மருமகன் சொல்வதில் பாதி சரி. மின்னணு முறையில் உருவான ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாது என்று சொல்ல முடியாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-ஏ பிரிவு சொல்கிறது. ஆகவே ‘திரையில் தட்டியதெல்லாம் ஒப்பந்தமா?’ என்று வாதாடிப் பயனில்லை. ‘நான் படிக்கவில்லை’ என்பதும் தனியாக நின்றால் வாதமே இல்லை. அச்சடித்த காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு நீதிமன்றங்கள் காட்டாத சலுகையைத் திரையில் தட்டியவருக்கும் காட்டாது. (இடையில் ஒரு உண்மை: வக்கீலான நானும் என் போனில் இருக்கும் எந்த ஆப்பின் விதிமுறையையும் முழுசாகப் படித்ததில்லை. வழக்கு என்று வந்தால்தான் படிக்கிறேன்.)

மருமகன் விட்டுவிட்ட மறுபாதி இதுதான். நீங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டீர்கள் என்பதற்கு அந்தத் தட்டல் சாட்சி. அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் சட்டத்தில் நிற்கும் என்பதற்கு அது சாட்சி இல்லை. இரண்டும் தனித்தனிக் கேள்விகள். கம்பெனியின் பதில் கடிதங்களில் இவை எப்போதும் ஒன்றாகக் குழப்பப்பட்டுத்தான் வரும்.

இதில் சுவாரஸ்யமான விஷயம் என்னவென்றால், கிட்டத்தட்ட உங்கள் வழக்கேதான் அறுபது வருஷத்துக்கு முன்னால் நம்முடைய சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதுவும் சலவைக் கடை, அதுவும் புதுப் புடவை, அதுவும் தொலைந்தது. லில்லி ஒயிட் என்பது கடையின் பெயர். சட்டப் புத்தகங்களில் வழக்கும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது, 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் கிடைக்கும். அப்போது ஆப் கிடையாது, ரசீதுதான். துணி தொலைந்தால் சந்தை விலையில் ஒரு பகுதியை மட்டும்தான் கேட்கலாம் என்று அந்த ரசீதில் அச்சடித்திருந்தார்கள். கடைக்காரர் அதைக் காட்டினார். அந்த நிபந்தனை பொதுநலக் கொள்கைக்கு விரோதமானது, செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை.

அந்தத் தீர்ப்பின் காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அது வெறும் இரக்கத்தில் பிறந்தது இல்லை. ஒரு கடைக்காரர் புதுத்துணியை வாங்கி வைத்துக்கொண்டு ‘தொலைந்துவிட்டது’ என்று சொல்லி, விலையில் ஒரு பங்கை மட்டும் நீட்டலாம் என்றால் என்ன ஆகும்? கவனமாக இருப்பவருக்கு லாபம் இல்லை, அலட்சியமாகவோ நேர்மையில்லாமலோ இருப்பவருக்குத்தான் லாபம். அப்படிப்பட்ட நிபந்தனையை நீதிமன்றம் நிறைவேற்றிக் கொடுத்தால், நேர்மைக்கேட்டுக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும். உங்கள் கணக்கை இதில் வைத்துப் பாருங்கள். 42,000 ரூபாய்ப் புடவை, 2,000 ரூபாய்ப் பொறுப்பு. விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. லில்லி ஒயிட்டின் தர்க்கம் உங்களுக்கு வரிக்கு வரி பொருந்துகிறது.

சரி, அப்படியானால் ஜெயித்தாயிற்றா என்றால், இல்லை. கம்பெனியின் வக்கீல் கையிலும் ஒரு தீர்ப்பு இருக்கும், அது உச்ச நீதிமன்றத்துடையது. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம் ஜெர்மனியில் இருந்த வாங்குநருக்கு டி.எச்.எல். கூரியரில் ஆவணங்களை அனுப்பியது. அவை போய்ச் சேரவில்லை. பருவம் கடந்துபோனதால் வாங்குநர் விலையைக் குறைத்துவிட்டார். நஷ்டம் லட்சக்கணக்கில். ஆனால் கூரியர்காரர்களின் சீட்டில் பொறுப்பு 100 அமெரிக்க டாலர்தான் என்று இருந்தது, அனுப்பியவர் அதில் கையெழுத்தும் போட்டிருந்தார். மாநில நுகர்வோர் ஆணையம் முழு நஷ்டத்தையும் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையம் அதை 100 டாலராகக் குறைத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தேசிய ஆணையம் சொன்னதே சரி என்றது. கையெழுத்திட்டவர் படிக்காவிட்டாலும் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவரே, நுகர்வோர் ஆணையங்கள் நடத்தும் சுருக்க விசாரணையில் அந்த நிபந்தனைக்குப் பின்னால் போய்ப் பார்க்க முடியாது என்பது அதன் சாரம்.

இந்தத் தீர்ப்பை மறைத்துவிட்டு உங்களுக்கு நம்பிக்கை கொடுத்தால் நான் ஏமாற்றுக்காரி ஆகிவிடுவேன். பொறுப்பு வரம்பு பற்றிய வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பது பெரும்பாலும் இதைத்தான். ஆகவே அதற்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துவிட்டுத்தான் புகார் எழுத வேண்டும். நான் பார்க்கும் வித்தியாசங்கள் இவை. அங்கே அனுப்பியது ஒரு வியாபார நிறுவனம், உறைக்குள் என்ன இருந்தது, அதன் மதிப்பு எவ்வளவு என்று கூரியர்காரருக்குத் தெரிய வழியில்லை. இங்கே உங்கள் வீட்டு வாசலில் வைத்தே ‘பட்டுப்புடவை, ஒன்று’ என்று பதிவு செய்து எடுத்துப் போயிருக்கிறார்கள், பட்டுக்கென்று தனிக் கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள். அங்கே கேட்ட நஷ்டம், ஆவணம் போய்ச் சேராததால் பின்னால் விளைந்த வியாபார நஷ்டம். நீங்கள் கேட்பது கையில் கொடுத்த பொருளின் விலையை. பொருளைப் பாதுகாக்கத் தருவது வேறு, சேதியைக் கொண்டு சேர்க்கத் தருவது வேறு.

துணியை நம்பி ஒருவரிடம் ஒப்படைக்கும்போது சட்டத்தில் அவர் ‘பொருள் காப்பாளர்’ ஆகிறார். ஒரு சராசரி மனிதர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாக வைத்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனம் அவர் காட்ட வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. இந்தக் கடமையை ஒரு வரி நிபந்தனையால் கழற்றிப் போட முடியுமா என்பதுதான் உங்கள் வழக்கின் மையம். இதற்கு 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல பதில் சொல்லியிருக்கிறது.

டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலுக்கு 1998 ஆகஸ்ட் 1 அன்று இரவு ஒருவர் மாருதி ஜென் காரில் போனார். சாவியை வாசலில் நின்ற ஹோட்டல் ஊழியரிடம் கொடுத்து, நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தால், வேறு யாரோ காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். கையில் கொடுத்திருந்த அட்டையில் ‘வண்டி உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது, திருட்டுக்கோ சேதத்துக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருந்தது. வழக்கு இருபது வருஷம் ஓடியது. உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைத் தன் வசம் எடுத்துக்கொண்ட பிறகு, அதைத் திருப்பித் தர முடியாவிட்டால், தான் கவனக்குறைவாக இருக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஹோட்டலுடையது. வண்டிக்காரர் எதையும் நிரூபிக்க வேண்டாம். இரண்டு, தன் ஆட்களின் கவனக்குறைவுக்கு ‘நான் பொறுப்பில்லை’ என்று அட்டையில் எழுதித் தப்பிக்க முடியாது. தன் கட்டுப்பாட்டுக்கு மீறி வெளியாள் செய்ததற்குத்தான் அந்த வாசகம் உதவலாம்.

இதை அப்படியே உங்கள் புகாரில் கொண்டுவாருங்கள். ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்பது விளக்கமே இல்லை. எடுத்துப் போன பையன் எந்த நேரத்துக்கு எந்தக் கிளையில் ஒப்படைத்தான், புடவையில் ஒட்டிய டேக் எண் என்ன, அந்த எண் கடைசியாக எந்த இடத்தில் ஸ்கேன் ஆனது, அந்த அறையில் சிசிடிவி இருந்ததா என்று கேளுங்கள். இவை எல்லாம் அவர்கள் கணினியில் இருக்கும், உங்களிடம் இருக்காது. பதில் சொல்லாமல் இருந்தார்கள் என்றால் அதுவே உங்களுக்குச் சாட்சி. ஒரு எச்சரிக்கையும் உண்டு: கிளையில் தீப்பிடித்து, அதற்குக் காவல்துறைப் பதிவும் இருக்கிறது என்று வந்தால், வழக்கின் நிலை வேறு. கவனமாக இருந்தும் போன பொருளுக்கு 152-ஆம் பிரிவு அவர்களைக் காப்பாற்றும்.

அடுத்து, அந்த வரம்பு உங்கள் கண்ணில் எப்போது பட்டது, அல்லது பட்டிருக்க முடியும் என்பது. இது பழைய டிக்கெட் வழக்குகள் போட்டுக்கொடுத்த பாதை. இங்கிலாந்தில் 1970-இல் முடிந்த கார் நிறுத்துமிட வழக்கு ஒன்று இருக்கிறது. இயந்திரம் டிக்கெட்டைத் துப்பிய பிறகுதான் நிபந்தனை இருக்கும் தகவலே தெரியவருகிறது, அதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஆகவே பிறகு காட்டிய நிபந்தனை கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். ஒருவரின் உரிமையைப் பெரிதாகக் கத்தரிக்கும் நிபந்தனை என்றால், அதைக் கண்ணில் படும்படி காட்டியிருக்க வேண்டும் என்பதும் அந்த மரபில் வந்ததுதான். இந்திய நீதிமன்றங்களும் இந்த அளவுகோலை எடுத்தாண்டிருக்கின்றன. கூரியர் வழக்குகளிலேயே, அனுப்பியவர் கையெழுத்து இல்லாத சீட்டின் நிபந்தனையை ஏற்காமல் விட்ட நுகர்வோர் ஆணைய உத்தரவுகள் உண்டு.

ஆப்பில் இதை எப்படிப் பார்ப்பது? பதிவு செய்யும்போது நீங்கள் தொட்ட பெட்டிக்குப் பக்கத்தில் ‘விதிமுறைகள்’ என்ற இணைப்பு மட்டும் இருந்ததா, அல்லது 2,000 ரூபாய் வரம்பு அங்கேயே எழுதியிருந்ததா? அந்தப் பெட்டியில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தார்களா? 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், சம்மதத்தை நுகர்வோர் தானே வெளிப்படையாகத் தர வேண்டும், முன்பே டிக் போட்ட பெட்டி மூலம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்கின்றன. புடவையை எடுத்துப் போன பிறகு வந்த பில்லில்தான் முதன்முதலாக வரம்பு தெரிந்ததா? அப்படியென்றால் அது இயந்திரம் துப்பிய டிக்கெட் மாதிரிதான்.

இன்னொன்றும் பெரும்பாலும் மறந்துபோகும். நீங்கள் ஆப்பை நிறுவியது எந்த வருஷம்? கம்பெனிகள் விதிமுறையை அடிக்கடி மாற்றும். நீங்கள் பதிவு செய்த நாளில் எந்தப் பதிப்பு இருந்தது, அதில் இந்த வரம்பு இருந்ததா, மாற்றியபோது உங்களுக்குச் சொன்னார்களா என்று காட்ட வேண்டியது அதை நம்பி நிற்கும் கம்பெனி. ‘இன்றைய விதிமுறைப்படி’ என்று ஒரு பிடிஎஃப் கொண்டுவந்தால் போதாது. ஆகவே இன்றைக்கே உட்கார்ந்து பேரப்பிள்ளைகள் யாரையாவது கூட வைத்துக்கொண்டு, ஆப்பில் புதிதாக ஒரு ஆர்டர் போடுவது போலத் தொடங்கி, பணம் கட்டும் திரைக்கு முன் நிறுத்தி, ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழைய ஆர்டர், ‘ஆடை தொலைந்தது’ மெசேஜ், வாலட் வரவு, விதிமுறைப் பக்கத்தின் கடைசித் திருத்தத் தேதி, எல்லாம் தேதி தெரியும்படி இருக்கட்டும். புகார் போனவுடன் திரைகள் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு எதிராகப் போகக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் போடும்போது ‘துணியின் மதிப்பைக் குறிப்பிடுங்கள், சின்னக் கூடுதல் கட்டணத்தில் முழு மதிப்புக்கும் பாதுகாப்பு’ என்று ஏதாவது வாய்ப்புக் கொடுத்திருந்தார்களா? கொடுத்திருந்து நீங்கள் வேண்டாம் என்று தாண்டிப் போயிருந்தால், வரம்பு நியாயமானதுதான் என்று அவர்கள் வாதிட நல்ல பிடி கிடைக்கும். அப்படி எந்த வாய்ப்பும் இல்லை, 2,000-க்கு ஒப்புக்கொள் அல்லது போ என்பதுதான் நிலை என்றால், உங்கள் பக்கம் கனம் கூடும். பேரம் பேச வழியே இல்லாமல் ஒருதலையாக எழுதப்பட்ட வாசகங்களை உச்ச நீதிமன்றம் இப்போது கடுமையாகவே பார்க்கிறது. 2019-இல் ஒரு வீடு கட்டும் நிறுவனத்துக்கு எதிரான பயனியர் அர்பன் வழக்கில், வாங்குபவர் புள்ளிக்கோட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாத ஒருதலை ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது, அது நேர்மையற்ற வணிகமுறை என்று சொன்னது.

24 மணி நேரக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ‘இத்தனை நேரத்துக்குள் சொல்லுங்கள்’ என்று கேட்பதில் தப்பில்லை. ‘சொல்லாவிட்டால் உங்கள் உரிமையே போயிற்று’ என்று எழுதினால், ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது. நுகர்வோர் புகாருக்குச் சட்டம் இரண்டு வருஷம் கொடுத்திருக்கிறது, அதை ஒரு நாளாகச் சுருக்க ஆப்புக்கு அதிகாரம் இல்லை. அதுவும் உங்கள் விஷயத்தில் 24 மணி நேரத்தை எங்கேயிருந்து எண்ணுவது? புடவைதான் திரும்பி வரவேயில்லையே.

பெங்களூரும் அப்படித்தான். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. மத்தியஸ்த ஒப்பந்தம் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி அடைபடாது என்று எமார் எம்ஜிஎஃப் என்ற வீடு கட்டும் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் உறுதி செய்துவிட்டது. நீங்கள் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2019-இன் சட்டம் ‘நேர்மையற்ற ஒப்பந்தம்’ என்று ஒரு புது வகையைக் கொண்டுவந்தது. நுகர்வோரைப் பாதகமான நிலையில் தள்ளும் நியாயமற்ற நிபந்தனையும் அதில் அடங்கும். அப்படிப்பட்ட நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டும்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. ஆகவே கோவையில் போடும் புகாரில், ‘இந்த ஆப்பின் இன்னின்ன விதி நேர்மையற்ற ஒப்பந்தம், அதை ரத்து செய்யுங்கள்’ என்று வேண்டுகோள் வைத்தால், ‘இது எங்கள் வரம்பில் இல்லை, சென்னைக்குப் போங்கள்’ என்று திருப்பி அனுப்ப நீங்களே வழி சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். 42,000 ரூபாய்க்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம்.

அதற்குப் பதிலாக நான் எழுதினால் இப்படி எழுதுவேன். வேண்டுகோள்: சேவைக் குறைபாட்டுக்காகப் புடவையின் மதிப்பும், மன உளைச்சலுக்கு இழப்பீடும், செலவுத் தொகையும். விதிமுறை பற்றி நாமாகப் பெரிதாகத் தொட வேண்டாம். கம்பெனி தன் பதிலில் வரம்பைக் காட்டும்போது நம் மறுப்பு மூன்று அடுக்காக வரும். முதலில், அந்த வரி நமக்குச் சரியாகக் காட்டப்படவே இல்லை. அடுத்து, காட்டப்பட்டது என்றே வைத்துக்கொண்டாலும், ‘இழப்பு’ என்று பொதுவாகச் சொல்கிறதே தவிர, சொந்தக் கவனக்குறைவையும் மன்னிக்கும்படி சொல்லவில்லை. வாசகம் இரண்டு பொருள் தந்தால், எழுதியவருக்கு எதிராகவே படிக்க வேண்டும். கடைசியாக, அப்படியே சொன்னாலும் தாஜ் தீர்ப்புப்படி அது கவனக்குறைவுக்குக் கவசமாகாது, லில்லி ஒயிட் தீர்ப்புப்படி 23-ஆம் பிரிவிலேயே அது அடிபட்டுப்போகும். சட்டமே செல்லாது என்று சொல்வதைப் பொருட்படுத்தாமல் விட, மாவட்ட ஆணையத்துக்குத் தனி அதிகாரம் தேவையில்லை. இந்தக் கடைசி வாதத்தை எதிர்த்தரப்பு மறுக்கும். நான் ஏற்கக்கூடியதாகவே பார்க்கிறேன், ஆனால் முதல் இரண்டு அடுக்கில் ஜெயிப்பதுதான் பத்திரம்.

‘நாங்கள் வெறும் மேடைதான், துவைத்தது எங்கள் பார்ட்னர்’ என்றும் அவர்கள் சொல்லக்கூடும். பணத்தை வாங்கியது யார், பில் யார் பெயரில் வந்தது, எடுத்துப் போன பையனின் சட்டையில் யார் பெயர் இருந்தது என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் ஆப் கம்பெனியை முதல் எதிர்மனுதாரராகவும், துவைத்த கடையின் பெயர் தெரிந்தால் அதை இரண்டாவதாகவும் சேர்த்துவிடுங்கள். அவர்களுக்குள் யார் தருவது என்ற சண்டையை அவர்களே போட்டுக்கொள்ளட்டும்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முழு 42,000 கேளுங்கள். வாங்கி ஒரு வருஷம் ஆனது, சில முறை கட்டியது என்று ஆணையம் கொஞ்சம் கழிக்கலாம். ஆனால் பட்டுப்புடவை, பழைய ஃபிரிட்ஜ் மாதிரி மதிப்பிழக்கும் பொருள் இல்லை. ஜரிகைக்கே ஒரு விலை உண்டு, இன்று அதே புடவை எடுத்தால் விலை அதிகம் என்று கடையில் இன்றைய விலைக்கு ஒரு சீட்டு வாங்கி இணையுங்கள். கல்யாண போட்டோவில் அந்தப் புடவை தெரிந்தால் அதையும் வையுங்கள், ‘பில்லில் இருப்பது இந்தப் புடவைதானா’ என்ற கேள்வியே எழாது. மகள் கல்யாணப் புடவை என்ற பாசத்துக்கு மட்டும் தனி விலை கேட்காதீர்கள், ஒப்பந்தச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. மன உளைச்சல் என்ற தலைப்பில் வரும் தொகையில்தான் அது அடங்கும், அந்தத் தொகை பெரிதாக இருக்காது.

முதலில் ஆப்பில் குறைதீர் அலுவலரின் பெயரும் முகவரியும் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், மின்வணிக விதிப்படி அதைப் போட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் மேலே சொன்ன டேக், ஸ்கேன், சிசிடிவி கேள்விகளை அவருக்கு அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். சில கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே தொகையைக் கூட்டி இறங்கி வரும். அப்போது ஒரு நல்ல தொகை சொன்னால் ஏற்பதில் அவமானம் எதுவும் இல்லை. 30,000-க்கு மேல் வாலட்டில் இல்லாமல் வங்கிக் கணக்கில் போடுகிறேன் என்றால் நானாக இருந்தால் வாங்கிக்கொள்வேன்.

இறங்கி வராவிட்டால் e-jagriti.gov.in தளத்தில் புகாரை நீங்களே பதிவு செய்யலாம். வழக்கின் மதிப்பு, நீங்கள் கட்டிய சேவைக் கட்டணத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும், ஐந்து லட்சம் வரை புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் ஒரு வருஷம் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். புடவை தொலைந்ததாக வந்த அந்த மெசேஜின் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு வருஷக் கெடுவை அதிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம், உங்களுக்கு ஏற்கெனவே மூன்று மாதம் போய்விட்டது.